அம்மம்மாவும் அம்மிச்சியும் ஒரே சீரில்

வாழ்த்துப்பா கேட்டு வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். மாப்பிள்ளை பெண் பெயர், ஊர், குலதெய்வம், படிப்பு, வேலை, விட்டுப்போகக் கூடாத தாத்தா பாட்டிமார். அதைப் பார்த்து விருத்தம் கட்டிக் கொடுத்தால் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மண்டபத்தில் ஒருவர் ஒலிவாங்கி முன் நின்று வாசித்து, மணமக்கள் கையில் கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்துக் கலியாணங்களில் நெடுநாள் வழக்கம் இது. ஊரில் புலவர் என்று ஒருவர் இருப்பார். கலியாணத்துக்கு வாழ்த்துப்பா எழுதுவதும் அவர்தான், செத்த வீட்டின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டுப் பாடுவதும் அவர்தான். ஸ்காபரோவில் இருபது வருடமாக நான் பார்ப்பது ஏறக்குறைய அந்த வேலை. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு, கிடைக்கும் நேரத்தில் விருத்தம்.

போன கோடையில் வந்தது இரட்டைப் பட்டியல். பெண் வீட்டார் சுன்னாகப் பக்கத்தவர்கள். மாப்பிள்ளை பெருந்துறைக்காரர், வேலைக்காக இங்கே வந்தவர். காலையில் கோவிலில் தாலிகட்டு, மாலையில் மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. அந்த வரவேற்பில் வாசிக்க ஒரு பாட்டு வேண்டும், அதில் இரண்டு வீட்டு வழக்கமும் வரவேண்டும் என்றார் பெண்ணின் தகப்பனார். மாப்பிள்ளையின் அப்பா தொலைபேசியில் பேசினார். "எங்க பக்கம் கல்யாணத்துல மங்கல வாழ்த்து பாடுவாங்க. அதுல ஒரு வரியாச்சும் வரோணுமுங்க" என்றார்.

அவர் கேட்டது சின்னக் காரியம் இல்லை. கொங்கு வேளாளர் திருமணங்களில் பாடப்படும் மங்கல வாழ்த்து, கல்யாணம் முழுவதையும் தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் நீண்ட பாட்டு. கம்பர் எழுதியது என்பது அங்குள்ள நம்பிக்கை. அதைப் பாடுகிறவர் நாவிதர். கொங்கில் குடிமகன் என்பார்கள். அவர் பாட, இடையிடையே மேளம் ஒரு தட்டுத் தட்டி நிற்கும். ஆக, இரண்டு பக்கமும் கல்யாணத்தில் பாட்டு உண்டு. ஒன்று அந்தந்த மணமக்களுக்கென்று புதிதாக எழுதி, அச்சடித்து, சுவரில் மாட்டுவது. மற்றது எல்லாக் கல்யாணத்துக்கும் பொதுவாய் இருப்பது, ஒருவர் தொண்டையிலும் மேளக்காரர் கையிலும் வாழ்வது. இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

முதல் படியை ஒரு வாரத்தில் எழுதினேன். ஒரு பாட்டில் யாழ்ப்பாணத்துப் பொன்னுருக்கல், பால் அறுகு, கூறை, தாலிக்கொடி. அடுத்ததில் கொங்கின் உப்புச்சர்க்கரை, இணைச்சீர், உருமால் கட்டு, அருமைக்காரர். மூன்றாவதில் மறுபடி யாழ்ப்பாணம், நான்காவதில் மறுபடி கொங்கு. எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம். எதுகை மோனைக்கும் குறைவில்லை. வாசிக்கப் போகிறவள் பெண்ணின் மச்சாள், பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கிள், ரெண்டு மெனு காட்டை ஒட்டினமாதிரிக் கிடக்கு" என்றாள்.

சரியாகச் சொன்னாள். இரண்டு வீட்டு வழக்கத்தை ஒரு பாட்டில் வைக்கும்போது எல்லோரும் விழுகிற குழி இதுதான். சடங்குகளின் பெயரை வரிசையாக அடுக்கினால் அவரவர் வீட்டார் தங்கள் பெயர் வந்ததும் தலையாட்டுவார்கள், அடுத்த வரிக்குப் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்குவார்கள். பொன்னுருக்கல் என்றால் பெருந்துறைக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. இணைச்சீர் என்றால் சுன்னாகத்துக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. பாட்டுக்குள்ளே இரண்டு வீடும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

அதனால் பட்டியலை மூடிவைத்துவிட்டு, இந்தக் கல்யாணத்தில் உண்மையிலே என்ன நடந்தது என்று இரண்டு வீட்டிலும் கேட்டேன்.

யாழ்ப்பாண முறையில் பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டில் நடக்க வேண்டும். நல்ல நாள் பார்த்து, தட்டாரை அழைத்து, தாலிக்கான பொன்நாணயத்தை அங்கேயே உருக்குவார்கள். பழைய கட்டுப்பாட்டின்படி அதற்குப் பிறகு தாலிகட்டும் வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. இங்கே மாப்பிள்ளை வீடு இருப்பதோ பெருந்துறையில். பெண்ணின் அம்மம்மா விடவில்லை. கடைசியில் பெருந்துறை வீட்டு வாசலில், அந்தத் தெருவே இதுவரை பார்த்திராத ஒரு சடங்காக, உள்ளூர் ஆசாரி ஒருவர் குமட்டடுப்பை ஊதிப் பொன்னை உருக்கினார். என்ன செய்ய வேண்டும் என்று இங்கிருந்து தொலைபேசியில் அம்மம்மா சொல்லச் சொல்ல நடந்தது.

மறுபக்கமும் இதே கதை. கொங்கில் கல்யாணப் பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வார்கள். மாப்பிள்ளையின் அப்பா அம்மா இங்கே வந்திறங்கியதும் செய்த முதல் வேலை அதுதான். ஸ்காபரோவில் பெண் வீட்டுக் கூடத்தில், ஒரு தாம்பாளத்தில் உப்பையும் சர்க்கரையையும் வைத்து நீட்டினார்கள். பெண் வீட்டாருக்கு அதை வலக்கையால் வாங்குவதா இரண்டு கையாலும் வாங்குவதா என்றுகூடத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துச் சடங்கு கொங்கு வாசலில் நடந்திருக்கிறது. கொங்குச் சடங்கு யாழ்ப்பாணத்து வீட்டில் நடந்திருக்கிறது. எனக்கு வேண்டிய பாட்டு இந்த இடமாற்றத்தில் இருந்தது. "எங்கள் வழக்கம் இது, உங்கள் வழக்கம் அது" என்று எழுதாமல், எங்கள் வழக்கம் உங்கள் வீட்டில் எப்படி நடந்தது என்று எழுதினால் இரண்டு வீட்டாரும் எல்லா வரியையும் கேட்டாக வேண்டும்.

எங்கே தொடங்குவது? இதற்குப் பழைய இலக்கணத்தில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல, ஒருவரை வாழ்த்திப் பாடும் பாட்டின் முதற்சொல்லுக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்கின்றன பாட்டியல் நூல்கள். குணவீர பண்டிதரின் வச்சணந்திமாலை அவற்றில் ஒன்று. வெண்பாப் பாட்டியல் என்றும் அதற்குப் பெயர். மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் என்று அந்தப் பத்தும் போகும். மங்கலப் பொருத்தம் என்றால் திரு, பொன், பூ, மணி, கடல், உலகம் போன்ற சொற்களில் ஒன்றால் தொடங்குவது. உண்டிப் பொருத்தத்தில் எழுத்துகளையே அமுதம், நஞ்சு என்று பிரித்துவிடுகிறார்கள். யா, யோ, ரா, ரோ, லா, லோ எல்லாம் நச்செழுத்து. யாழ்ப்பாணத்துப் புலவர் ஒருவர் இந்த விதியை நம்பினால், தன் ஊர்ப் பெயரை வைத்து ஒரு வாழ்த்தைத் தொடங்க முடியாது!

பத்தையும் நான் பார்ப்பதில்லை. வருணம், நாள் எல்லாம் எனக்கு வேண்டாதவை. முதற்சொல் மங்கலமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கடைப்பிடிக்கிறேன். அதில் நம்பிக்கை என்பதைவிட, கேட்கிறவர்களில் நாலு பேராவது அதைக் கவனிப்பார்கள் என்பதுதான் காரணம். பொன் என்பது மங்கலச் சொல். பொன்னுருக்கலும் அதில்தான் தொடங்குகிறது. முதல் அடி இப்படி அமைந்தது:

பொன்னுருகக் கண்டதுகாண் கொங்கு முற்றம்
புன்னகைத்தே உப்பினிக்கக் கண்ட திவ்வூர்

"இவ்வூர்" என்று போட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. ஈழத்தவர்கள் எங்கள் நகரத்தை ரொறன்ரோ என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டவர்கள் டொராண்டோ என்று எழுதுகிறார்கள். யாப்பில் இரண்டும் ஒரே எடைதான், இரண்டும் புளிமா. பாட்டு இரண்டில் எதையும் தாங்கும். ஆனால் அச்சில் ஒன்றைத்தானே போட முடியும்? ஒன்றைப் போட்டால் மற்ற வீட்டார் அது எழுத்துப்பிழை என்பார்கள். இவ்வூர் என்று எழுதித் தப்பித்துக்கொண்டேன்.

எடை என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பாட்டு உருவானதே அந்த எடையால்தான். தமிழ்ச் செய்யுளில் பொதுவாகச் சொற்களை எழுத்தெண்ணி அளப்பதில்லை. ஓசை எண்ணி அளக்கிறோம். அசை இரண்டே வகை. "பொன்", "வா" போலத் தனியே ஒலிப்பது நேர். "மலர்", "நிலா" போலக் குறில் ஒன்று அடுத்த எழுத்தையும் இழுத்துக்கொண்டு ஒலிப்பது நிரை. இவை சேர்ந்து சீர் ஆகும். இரண்டு அசை வந்து நேரில் முடிந்தால் மாச்சீர், மூன்று அசை வந்து நேரில் முடிந்தால் காய்ச்சீர். வாழ்த்துப்பாவுக்கு நான் எடுக்கும் வடிவம் எண்சீர் விருத்தம். ஓர் அடிக்கு எட்டுச் சீர். காய், காய், மா, மா என்று பாதி அடி, அதே வரிசையில் மறுபாதி. இப்படி நான்கு அடி. அடிகளின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. ஓர் அடியின் முதற்சீரும் ஐந்தாம் சீரும் இன எழுத்தில் தொடங்குவது மோனை. மேலே உள்ள அடியில் பொன்னும் புன்னகையும் அப்படித்தான் சேர்ந்தன.

இந்த வடிவத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. காய் வேண்டிய இடத்தில் எந்தக் காயும் வரலாம். யாழ்ப்பாணத்தவர் கலியாணம் என்பார்கள். அது நிரையில் தொடங்குவதால் புளிமாங்காய். தமிழ்நாட்டவர் கல்யாணம் என்பார்கள், அது தேமாங்காய். வாசிப்பவர் எந்த வாயால் சொன்னாலும் விருத்தம் இடறாது.

இப்போது பாட்டிமார். பெண் வீட்டில் அம்மாவின் அம்மா அம்மம்மா. மாப்பிள்ளை வீட்டில் அதே உறவு அம்மிச்சி, அவர் கணவர் அப்புச்சி. பொதுவாகப் "பாட்டி" என்று எழுதிவிட்டால் வேலை சுலபம். ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை யாரும் அம்மம்மாவைப் பாட்டி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கொங்குக்காரருக்கும் அம்மிச்சி வெறும் பாட்டி ஆகிவிட மாட்டார். இரண்டு சொல்லையும் காகிதத்தில் எழுதி அசை பிரித்துப் பார்த்தேன். அம்-மம்-மா. அம்-மிச்-சி. இரண்டும் நேர் நேர் நேர், தேமாங்காய். இரண்டுக்கும் முதலெழுத்து அ, இரண்டாம் எழுத்து ம். மோனையும் எதுகையும் ஒன்றாக விழுந்து கிடந்தன. இரண்டு பாட்டிமாரையும் அடுத்தடுத்த அடிகளின் தலையில் உட்கார வைக்கத் தமிழே ஏற்பாடு செய்து வைத்திருந்ததுபோல் இருந்தது. அப்புச்சியும் தேமாங்காய் என்று தெரிந்தபோது எழுந்து போய் ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

ம் எதுகையில் இன்னும் இரண்டு அடி வேண்டும். செம்மண் கிடைத்தது. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள வலிகாமத்துத் தோட்டமண் சிவப்பு. பெருந்துறைப் பக்கத்து மண்ணும் சிவப்பு. இரண்டு ஊரிலும் கிணற்றை நம்பித்தான் தோட்டம். ஒரு ஊரில் துலா போட்டு இறைத்தார்கள், மற்ற ஊரில் மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். இரண்டு ஊரிலும் கிளுவை நட்டு வேலி அடைப்பார்கள். யாழ்ப்பாணத்து வேலிக்கும் வழக்குமன்றத்துக்கும் உள்ள நெருக்கத்தைச் சொல்லத் தேவையில்லை. கிணறும் வேலியும் சேர்ந்ததும் மூன்றாம் அடி தானாக வந்தது.

அம்மம்மா கையெடுத்துத் தூவும் போதில்
  அறுகரிசி பனித்துளிபோல் உதிரக் கண்டோம்
அம்மிச்சி சொல்லெடுத்து வாழ்த்தும் போதில்
  அப்புச்சி விழியோரம் நனையக் கண்டோம்
செம்மண்ணில் இருகிணறு தோண்டி னாலும்
  சேர்ந்தூறும் நீருக்கோர் வேலி யுண்டோ
உம்மிருவர் கைகோத்து நிற்கும் வேளை
  ஊரிரண்டும் ஒருமுற்றம் ஆன தம்மா

அறுகரிசி என்பது அறுகம்புல்லும் அரிசியும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பெரியவர்கள் அதைத் தூவித்தான் மணமக்களை வாழ்த்துவார்கள். கொங்குச் சீர்களிலும் அறுகு உண்டு. வேர்விட்ட இடத்திலிருந்து கணுக்கணுவாய் ஓடிப் பிடித்துக்கொள்ளும் புல் அது. அதை எல்லாரும் சொல்லிவிட்டதால் நான் சொல்லாமல் விட்டேன்.

இப்போது நீங்கள் படித்த இரண்டாம் அடி முதலில் இப்படி இல்லை. "அம்மிச்சி கைதொட்டு வாழ்த்தும் போதில்" என்று எழுதியிருந்தேன். அவர்களும் வருவதாகத்தான் ஏற்பாடு. விசா வந்துவிட்டது, பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. பத்து நாள் இருக்கையில் அம்மிச்சிக்கு மூட்டு வீங்கி எழுந்து நடக்க முடியவில்லை. அவர் இல்லாமல் நான் எதற்கு என்று அப்புச்சியும் இருந்துவிட்டார். வராதவர் கைதொட்டு வாழ்த்தினார் என்று மண்டபத்தில் வாசிக்க முடியுமா? அடியையே எடுத்துவிடலாம் என்றார் பெண்ணின் தகப்பனார். எனக்கு மனமில்லை. கைதொட்டு என்பது தேமாங்காய். அந்த இடத்தில் சொல்லெடுத்து என்று வைத்தேன், கூவிளங்காய். காய்க்குக் காய் சரி. தொடுகை போய்ச் சொல் வந்தது. சொல்லைத் தொலைபேசி கொண்டுவந்து சேர்க்கும். மாலை ஏழு மணிக்கு வரவேற்பு என்றால் பெருந்துறையில் விடிகாலை நாலரை. நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்போம் என்று அங்கிருந்து செய்தி வந்தது.

எழுதாமல் விட்டவை பற்றியும் சொல்ல வேண்டும். எழுதியவற்றைவிட அவற்றுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் தங்கள் கூட்டத்தின் பெயர் வரவேண்டும் என்றார். கொங்கு வேளாளருக்குள் கூட்டம் என்பது குலப்பிரிவு. பெண் வீட்டிலும் ஒரு பெரியவர், "ஆக்கள் ஆர் எண்டு தெரிய வேணும்தானே" என்று இழுத்தார். பழைய வாழ்த்துப்பாக்களில் குலச்சிறப்புக்கு ஒரு பாட்டே ஒதுக்குவார்கள். இது தெரியாத கோரிக்கை இல்லை. நான் போடவில்லை. இரண்டு வீட்டுச் சடங்குகளிலும் யார் பாடுவது, யார் வெள்ளை கட்டுவது, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் சாதி பார்த்துப் பிரித்துக் கொடுத்த வேலைகள். வழக்கங்களின் அழகை எடுக்கும்போது அந்தப் படிக்கட்டும் கூடவே ஏறி வரும். ஊர்ப் பெயர், மண், கிணறு வரை போதும் என்று நின்றுகொண்டேன். சித்தப்பா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு தன் ஊர்ப் பெயர் மூன்றாம் பாட்டில் வருவதைப் பார்த்துச் சமாதானமானார்.

மங்கல வாழ்த்திலிருந்து ஒரு வரி கேட்டாரே, அதையும் எடுக்கவில்லை. அது பரம்பரையாகப் பாடிவருகிறவர்களின் சொத்து. ஒரு வரியைக் கிள்ளி நம் பாட்டில் செருகினால் ஒட்டுப்போட்ட துணிபோல் தெரியும். அதற்குப் பதிலாக அதன் ஓசையை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. தாலிகட்டுக்கு வந்த தவில்காரர் மாலையிலும் இருப்பார். ஒவ்வொரு விருத்தம் முடிந்ததும் தவிலில் ஒரே ஒரு தட்டு. பாட்டின் உடல் யாழ்ப்பாணத்து வாழ்த்துப்பா, மூச்சு விடும் இடம் கொங்கு. மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னபோது, "அது போதுமுங்க" என்றார்.

மற்றொன்று 1995. அந்த ஆண்டு அக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தது. பெண்ணின் குடும்பமும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. அது பாட்டில் வரவேண்டும் என்பது அவள் தகப்பனாரின் ஆசை. அந்த நடை இல்லாவிட்டால் இந்தக் கல்யாணமே இல்லை என்றார். நியாயம்தான். இரண்டு நாள் முயன்றேன். விருத்தத்தின் துள்ளலில் அந்த இரவு உட்காரவில்லை. அழுகையும் தாளமும் இழுபறிப்பட்டன. அம்மம்மாவிடம் கேட்டேன். "கலியாண வீட்டில அதை வாசிக்க வேண்டாம் பிள்ளை. தெரிஞ்ச ஆக்களுக்குச் செம்மண் எண்டாலே தெரியும்" என்றார். அத்தோடு விட்டேன்.

இனி வாசிப்பு. பாட்டு எழுதுவதில் செலவாகும் கவனத்தில் பாதியை வாசிப்புக்கு வைக்காததால் கெட்டுப்போன வாழ்த்துப்பாக்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். முதலில் நேரம். முப்பத்திரண்டு சீரை நிதானமாகச் சொன்னால் ஒரு விருத்தத்துக்கு ஏறக்குறைய நாற்பது விநாடி. ஆறு விருத்தம் என்றால் நாலு நிமிடம். அதற்கு மேல் போனால் சாப்பாட்டு மேசைப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். பத்து விருத்தம் கேட்டார்கள், ஆறில் நிறுத்தினேன்.

அடுத்தது எழுத்து. என் வாசகிக்குத் தமிழ் பேச வரும், படிப்பது தட்டுத் தடுமாறித்தான். ஆங்கில எழுத்தில் எழுதித் தரும்படி கேட்டாள். ஒரு பாட்டை அப்படி எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடுகின்றன, ரகர றகரம் பிரிவதில்லை, ல ள ழ மூன்றும் ஒரே குழம்பு. பால் அறுகு "பல் அறுகு" ஆனது. கூறை உடுத்து என்ற இடத்தில் மணப்பெண் "குரை" உடுத்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குறில் நெடிலானால் பொருள் மட்டுமல்ல, அசையும் கெடும். அசை கெட்டால் அடி தடுக்கி விழும். அதனால் வேறு வழி செய்தோம். தமிழ் எழுத்திலேயே பெரிதாக அச்சடித்தேன். பாதி அடிக்கு ஒரு வரி, சீருக்குச் சீர் நல்ல இடைவெளி, நெடில் எழுத்துகளின் மேல் சிவப்புப் புள்ளி. கண் அந்தப் புள்ளியைக் கண்டால் வாய் நீட்ட வேண்டும், அவ்வளவுதான். நாலு சனிக்கிழமை பழகினாள். மூன்றாம் வாரத்தில் புள்ளி இல்லாமலே சரியாக நீட்டினாள்.

ஒன்றை நானும் பழகாமல் விட்டேன். தவில்காரருக்குச் சொல்லியிருந்தேன், வாசகிக்குச் சொல்லியிருந்தேன், மண்டபத்தில் பாட்டு ஓடவிடும் டிஜேயிடம் சொல்லவில்லை. முதல் விருத்தம் முடிந்து தவில் ஒரு தட்டுத் தட்டியதும், வாசிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்த அவர் சினிமாப் பாட்டு ஒன்றை முழுச் சத்தத்தில் திறந்துவிட்டார். சனம் கைதட்டத் தொடங்கிவிட்டது. பாவம் அந்தப் பிள்ளை, வாய் திறந்தபடி நின்றாள். தவில்காரர் ஓடிப்போய்ச் சைகை காட்டி நிறுத்தினார். அவள் மறுபடி ஒலிவாங்கியைப் பிடித்து, "இன்னும் அஞ்சு இருக்கு, ஒவ்வொண்டுக்கும் ஒரு அடி விழும்" என்றாள். மண்டபம் சிரித்தது. அதற்குப் பிறகு எல்லோரும் தவில் தட்டுக்காகவே காத்திருந்து கேட்டார்கள். அடுத்த தடவை இதை நானே முன்னுரையாகச் சொல்லிவிடலாம் என்று குறித்துக்கொண்டேன்.

நாலாம் பாட்டுத்தான் மேலே முழுதாகத் தந்தது. அம்மம்மா என்ற சொல் வந்ததும் மேடைக்கு அருகில் இருந்த அம்மம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அம்மிச்சி என்றதும் மாப்பிள்ளை பக்கத்து மேசைகளிலிருந்து ஒரு ஓ சத்தம் கிளம்பியது. அந்த நேரம் பார்த்து மண்டபத்தின் பெரிய திரையில் பெருந்துறையைக் காட்டினார்கள். திண்ணையில் ஒரு குழல்விளக்கு, இரண்டு நாற்காலி. அப்புச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணைத்தானா, விடிகாலை வேர்வையையா என்று தெரியவில்லை. பாட்டு எழுதினவனுக்கு அந்தச் சந்தேகம் வசதியாகத்தான் இருந்தது.

வாசித்து முடித்து, சட்டம் போட்ட பிரதியை மணமக்கள் கையில் கொடுத்தோம். பெருந்துறைக்குக் கொண்டுபோக இன்னொரு பிரதி தனியாகச் செய்திருந்தேன். மாப்பிள்ளை தொலைபேசியை எடுத்து அம்மிச்சியிடம் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டான். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நாங்களும் கேட்டோம்.

"நல்லாத்தான் படிச்சுது அந்தப் புள்ள. ஏஞ்சாமி, அந்தப் பனி பெய்யற ஊர்ல அறுகம்புல்லு எங்க கெடச்சுது?"

தமிழ்க் கடையில், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தார்கள் என்றான்.

"வாங்கியா? அட, அதைப் போய்க் காசு குடுத்தா வாங்குனீங்க?" என்றார் அம்மிச்சி. பக்கத்தில் நின்ற அம்மம்மா தொலைபேசியை வாங்கி, "அதைத்தான் நானும் கேட்டனான்" என்று பேசத் தொடங்கினார்.